விதை எண் அதே 42, விடை மட்டும் வேறு: எட்டு மாதத்துக்கு முந்தைய முடிவைத் திரும்ப எடுக்க முடியவில்லை

நூல்கண்டு · 4 மார்ச் 2024, இரவு 9:40

பின்னலாடைத் துணியில் குறை கண்டுபிடிக்கும் மாடல். படங்களில் ஐந்து வகை: ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு, அழுக்கு, நல்ல துணி. சென்ற ஜூலையில் பயிற்சி கொடுத்தபோது சோதனைப் படங்களில் எஃப்1 மதிப்பெண் 0.931 வந்தது. அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்தும் விட்டோம். இப்போது ஆறாவதாக ஒரு வகை சேர்க்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் பழைய முடிவையே ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்று ஓட்டினேன். 0.902.

நிரல் அதே கிட் கமிட். தற்செயல் எண்களுக்கான விதை எண் அதே 42. கோப்புறையின் பெயரும் அதேதான், `data/fabric`. ஓட்டங்களைப் பதிந்து வைக்கும் எம்எல்ஃப்ளோவில் ஜூலை ஓட்டத்தின் பதிவு இருக்கிறது: கற்றல் வேகம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போகின்றன. மாடல் கோப்பும் இருக்கிறது. பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள்: `best_final_v3.pt`. கணினி மட்டும் புதிது. பழையது ஜனவரியில் திருப்பிக் கொடுக்கப்பட்டு அழிக்கப்பட்டுவிட்டது.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

சுங்குடி · 4 மார்ச், இரவு 10:05

0.902 மோசமில்லையே. இன்னும் பெரிய மாடலாகப் போடுங்கள், தானாக ஏறிவிடும்.

நூல்கண்டு · 4 மார்ச், இரவு 10:11

ஏற்றுவதல்ல என் கேள்வி. அன்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்பதுதான்.

கோடைமழை · 5 மார்ச், காலை 7:20

ஜிபியுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். பல இழைகள் ஒரே நேரத்தில் கூட்டல் செய்யும்போது எது முந்துகிறதோ அந்த வரிசையில் கூட்டும். தசம எண்களில் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும், அது சுற்றுக்குச் சுற்று பெருகும். விதை எண் இதைக் கட்டுப்படுத்தாது. இதைச் சேர்த்து ஓட்டுங்கள்:

```python
torch.backends.cudnn.benchmark = False
torch.use_deterministic_algorithms(True)
```

பழைய_தறி · 5 மார்ச், காலை 9:02

கோடைமழை சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் மூன்று புள்ளி இறக்கத்துக்கு அதை முதல் சந்தேகமாக வைக்கமாட்டேன். பயிற்சியை மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை, ஒவ்வொரு முறையும் பத்து விஷயம் சேர்ந்து மாறும். பழைய மாடல் கோப்பை எடுத்து இன்றைய சோதனைப் படங்களில் மதிப்பிடுங்கள், பயிற்சியே வேண்டாம். 0.931 வந்தால் படங்களும் மதிப்பீடும் மாறவில்லை, கோளாறு பயிற்சியில். குறைந்து வந்தால் படங்களிலோ, படத்தைத் தயார்செய்யும் இடத்திலோ. ஐந்து நிமிட வேலை.

நூல்கண்டு · 5 மார்ச், மாலை 6:48

0.966 வந்தது.

இரண்டு முறை ஓட்டினேன். அன்றைக்கு வாங்கிய மதிப்பெண்ணைவிட அதிகமாக அதே மாடல் இன்று வாங்குகிறது. முதலில் மகிழ்ச்சியாக இருந்தது, பத்து நிமிடம்.

பழைய_தறி · 5 மார்ச், இரவு 8:15

மகிழ வேண்டாம். படிக்காத கேள்வித்தாளில் 93 வாங்கியவன் இன்று 97 வாங்குகிறான் என்றால் இன்றைய தாளில் உள்ள கேள்விகளை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான். உங்கள் இன்றைய சோதனைப் பகுதியில் ஜூலையின் பயிற்சிப் படங்கள் கலந்திருக்கின்றன. பிரிக்கும் வரியைப் போடுங்கள்.

நூல்கண்டு · 5 மார்ச், இரவு 8:31

```python
files = glob.glob("data/fabric/*/*.jpg")
train, test = train_test_split(files, test_size=0.2, random_state=42)
```

விதை எண் இருக்கிறதே.

பழைய_தறி · 5 மார்ச், இரவு 8:50

`random_state` கோப்புப் பெயர்களைப் பார்ப்பதில்லை. பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதைத்தான் கலைத்துப் போடுகிறது. 17-ஆவது இடம் சோதனைக்கு, 18-ஆவது இடம் பயிற்சிக்கு என்பது விதை எண்ணால் நிலையாக இருக்கும், ஆனால் 17-ஆவது இடத்தில் எந்தப் படம் உட்கார்ந்திருக்கிறது என்பதை `glob` முடிவு செய்கிறது. `glob` எந்த வரிசையில் தரும் என்பதற்குப் பைத்தான் உறுதி எதுவும் கொடுக்கவில்லை, கோப்பு அமைப்பு எப்படித் தருகிறதோ அப்படி. பெயர் வரிசை வேண்டுமென்றால் `sorted()` போட வேண்டும்.

கோடைமழை · 5 மார்ச், இரவு 9:14

என் கணினியில் இப்போதே பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். பத்து முறையும் ஒரே வரிசை. இது காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

பழைய_தறி · 5 மார்ச், இரவு 9:30

ஒரே கணினியில் ஒரே கோப்புறையைப் பத்து முறை பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிசைதான் வரும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. லினக்ஸின் ext4-இல் கோப்புறைப் பட்டியல் பெயரின் ஹாஷ் மதிப்பின்படி வருகிறது. அந்த ஹாஷுக்கு ஒவ்வொரு வட்டுக்கும் தனி ரகசிய எண் உண்டு, வட்டை வடிவமைக்கும்போது உண்டாவது. அதே படங்களைப் புதுக் கணினிக்கு நகலெடுத்தால் வரிசை முழுக்க வேறு. உங்களிடம் இன்னொரு ext4 வட்டு இருந்தால் நகலெடுத்து ஒப்பிடுங்கள்.

கோடைமழை · 6 மார்ச், காலை 6:55

நகலெடுத்தேன். மாறுகிறது. வாயை மூடிக்கொள்கிறேன், ஜிபியு விஷயத்தில் மட்டும் இல்லை.

மேகலை · 6 மார்ச், காலை 10:20

என் கதை கொஞ்சம் வேறு. தரவுக்குப் பதிப்பு வைக்கும் டிவிசியை நான் பயன்படுத்தினேன், நூல்கண்டு மாதிரி சும்மா கோப்புறையை நம்பவில்லை. `dvc add` செய்தேன், அது தந்த சிறு `.dvc` கோப்பை கிட்டில் சேர்த்தேன், பெருமையாக உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதம் கழித்து மடிக்கணினி போய்விட்டது. புதியதில் `dvc pull` கொடுத்தால் கோப்பு இல்லை என்கிறது. `dvc push` ஒருமுறைகூடச் செய்யவே இல்லை! கிட்டில் இருந்தது வெறும் ரசீது, சரக்கு என் பழைய மடிக்கணினியின் தற்காலிகச் சேமிப்பில் கிடந்து போய்விட்டது.

நூல்கண்டு · 6 மார்ச், காலை 10:41

பிறகு என்ன ஆனது?

மேகலை · 6 மார்ச், காலை 11:05

ரசீதுதான் காப்பாற்றியது. அதில் md5 மதிப்பும் கோப்புகளின் எண்ணிக்கையும் இருந்தன. ஒரு பழைய வெளிவட்டில் அந்தக் கோப்புறையின் நகல் கிடைத்தது, ஆனால் அது அன்றைய நகலா, பிறகு திருத்தியதா என்று தெரியவில்லை. அதைத் தனி இடத்தில் வைத்து `dvc add` கொடுத்தேன். md5 பொருந்தவில்லை. எண்ணிக்கை ஒன்று அதிகம். மேக் கணினி வைத்துவிட்டுப் போன `.DS_Store`! அதை நீக்கிவிட்டு மறுபடி கொடுத்தேன், எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. கோப்பின் தேதி மாறினாலும் பரவாயில்லை, உள்ளடக்கமும் பெயரும்தான் கணக்கு.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் `dvc status -c` கொடுத்துவிட்டுத்தான் எழுகிறேன். தொலைவில் எது போய்ச் சேரவில்லை என்று சொல்லிவிடும்.

சுங்குடி · 6 மார்ச், காலை 11:12

`best_final_v3` என்று பெயர் வைப்பவரிடம் போய் எழுத்துக்கு எழுத்து என்கிறீர்களே.

நூல்கண்டு · 6 மார்ச், மாலை 5:30

என்னிடம் ரசீதும் இல்லை. ஆனால் எம்எல்ஃப்ளோவின் அந்த ஓட்டத்தில் `predictions.csv` ஒன்று கிடக்கிறது. குழப்பப் பட்டியல் வரைவதற்காக அன்று சேமித்தது. மூன்று நெடுவரிசை: கோப்புப் பெயர், உண்மை வகை, மாடல் சொன்ன வகை. 1,923 வரிகள்.

இன்றைய சோதனைப் பகுதி 1,918 படங்கள். இரண்டையும் ஒப்பிட்டேன். பொதுவாக இருப்பவை 371 மட்டும்.

பழைய_தறி · 6 மார்ச், மாலை 7:10

371 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு பிரிப்புகளுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாவிட்டால் வர வேண்டிய அளவு அதுதான். வரிசைதான் காரணம் என்பது உறுதி.

அந்த 1,923 இன்னொன்றும் சொல்கிறது. `train_test_split` சோதனைப் பகுதியை மேல்நோக்கி முழுமையாக்கும். 20 விழுக்காடு 1,923 ஆக வேண்டுமென்றால் மொத்தம் 9,611-இலிருந்து 9,615-க்குள் இருந்திருக்க வேண்டும். இன்று உங்கள் கோப்புறையில் எத்தனை?

நூல்கண்டு · 6 மார்ச், மாலை 7:14

9,587.

நூல்கண்டு · 7 மார்ச், பிற்பகல் 2:50

விசாரித்தேன். உடன் வேலை செய்பவர் அக்டோபரில் "கொஞ்சம் சுத்தம் செய்தாராம்". மங்கலான படங்கள் சிலவற்றை நீக்கியிருக்கிறார். எண்ணெய்க் கறை என்று தவறாகக் குறித்திருந்த சிலவற்றை அழுக்கு கோப்புறைக்கு மாற்றியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான், திருத்தம் எல்லாம் சரியாகவும் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆலையிலிருந்து முதலில் வந்த ஜிப் கோப்பு மின்னஞ்சலில் இருந்தது. நீக்கிய 25 படங்களையும் அதிலிருந்து மீட்டேன், மொத்தம் 9,612 ஆகிறது. ஜிப்பில் வகை குறிப்பு கிடையாது, வகை நாங்கள் பிறகு குறித்தது.

எனவே சோதனைப் பகுதியின் அன்றைய வகைகள் `predictions.csv`-இல் இருக்கின்றன: அவற்றில் 31 படங்களுக்கு வகை மாறியிருக்கிறது. பயிற்சிப் பகுதியில் எத்தனை மாறின, எவை மாறின என்பது தெரியாது. நண்பர் "ஐம்பது, அறுபது இருக்கும்" என்கிறார்.

பழைய_தறி · 7 மார்ச், மாலை 4:22

ஐம்பதுக்கு மேலேயே இருக்கும். ஐந்தில் ஒரு பங்கில் 31 என்றால் மீதி நான்கு பங்கில் 120 பக்கம் எதிர்பார்க்கலாம். ஆள் நினைவில் எண்ணிக்கை எப்போதும் சுருங்கும்.

சுங்குடி · 7 மார்ச், மாலை 4:40

பழைய மாடல்தான் பயிற்சிப் படங்களை மனப்பாடம் செய்திருக்கிறதே. அதையே கேளுங்கள். இன்று அழுக்கு கோப்புறையில் இருக்கும் எந்தெந்தப் படங்களை அது எண்ணெய்க் கறை என்று அடித்துச் சொல்கிறதோ அவைதான் மாற்றப்பட்டவை. விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

பழைய_தறி · 7 மார்ச், மாலை 5:05

விளையாட்டு இல்லை, நல்ல யோசனை. ஆனால் அது ஊகம். அப்படி மீட்ட வகைகளுக்குத் தனிக் கோப்பு வைத்து "ஊகம்" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதையும் அசல் என்று நம்பிவிடுவீர்கள்.

நூல்கண்டு · 8 மார்ச், இரவு 11:15

பழைய மாடல், பழைய 1,923 படங்கள், பழைய வகைகள். 0.931 வந்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன். 0.913.

இனி என்ன பாக்கி? மாடல் கோப்பு மாறவில்லை. படங்களும் மாறவில்லை, ஜிப்பிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டேன்.

கோடைமழை · 9 மார்ச், காலை 7:02

`torchvision` பதிப்பு என்ன? அன்றும் இன்றும்?

நூல்கண்டு · 9 மார்ச், காலை 8:30

இன்று 0.17. அன்று என்ன என்று எங்கே தேடுவது? `requirements.txt`-இல் பதிப்பு எண் போடாமல் வெறும் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஜூலை ஓட்டத்தின் பதிவுக் கோப்பில் மேலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது: `antialias` என்பதன் இயல்பு மதிப்பு 0.17-இல் மாறப்போகிறது என்று. அன்று பார்த்தேன், வழக்கம்போல் கடந்துபோய்விட்டேன்.

கோடைமழை · 9 மார்ச், காலை 8:44

அதேதான்! நீங்கள் படத்தை முதலில் டென்சராக மாற்றிவிட்டுப் பிறகு சிறிதாக்குகிறீர்கள், சரியா? டென்சரைச் சிறிதாக்கும்போது முன்பெல்லாம் விளிம்பை மென்மையாக்காது. 0.17 முதல் தானாகவே மென்மையாக்கும். பிஐஎல் படமாக இருந்தபோதே சிறிதாக்கியிருந்தால் இந்த வித்தியாசம் வந்தே இருக்காது, அது எப்போதும் மென்மையாக்கும். உங்கள் ஊசிக்கோடு ஒன்றிரண்டு புள்ளி அகலம்தானே? மென்மையாக்கினால் அதுதான் முதலில் மங்கும்.

```python
transforms.Resize(256, antialias=False)
```

நூல்கண்டு · 9 மார்ச், காலை 9:20

0.931.

1,923 படங்களில் 1,922-க்கு மாடல் அன்று சொன்னதையே சொல்கிறது. மீதி ஒன்றில் எண்ணெய்க் கறைக்கும் அழுக்குக்கும் கிட்டத்தட்ட சம மதிப்பு. ஜிபியு வேறு என்பதால் ஒரு மயிரிழையில் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கோடைமழைக்கு அந்த ஒரு படத்தை எழுதி வைக்கலாம். இறங்கிய மதிப்பு பெரும்பாலும் ஊசிக்கோட்டில்தான் இறங்கியிருந்தது, நீங்கள் சொன்னபடியே.

மேகலை · 9 மார்ச், காலை 9:41

ஒரு படம்தானா? அதற்கா முதல்நாள் அவ்வளவு அடித்துப் பேசினார்!

நூல்கண்டு · 12 மார்ச், இரவு 10:30

இப்போது பயிற்சி. பழைய பிரிப்பு, பழைய சிறிதாக்கல், பயிற்சிப் பகுதியின் வகைகள் சுங்குடி முறையில் ஊகித்தவை. விதை எண் 42-இல் இரண்டு முறை ஓட்டினேன்: 0.927, 0.924. எதையும் மாற்றாமலே இவ்வளவு. கோடைமழையின் இரண்டு வரிகளைச் சேர்த்தபோது முதலில் `CUBLAS_WORKSPACE_CONFIG` அமைக்கவில்லை என்று பிழை வந்தது. `:4096:8` என்று அமைத்ததும் ஓடியது, இரண்டு ஓட்டமும் கடைசி இலக்கம் வரை 0.926. சற்று மெதுவாகிறது. அவரைப் பற்றிச் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

பிறகு விதை எண்ணை மட்டும் மாற்றி ஐந்து ஓட்டம். 0.919-இலிருந்து 0.931 வரை பரவுகிறது. அதாவது நான் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது அந்த ஊஞ்சலின் உச்சி. ஒரே ஒரு ஓட்டம், அதில் வந்த எண், அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

பழைய_தறி · 12 மார்ச், இரவு 11:05

கேட்க நினைத்து விட்டுப்போனது: கோப்புப் பெயர்கள் எப்படி இருக்கின்றன?

நூல்கண்டு · 12 மார்ச், இரவு 11:09

`R0417_0032.jpg`. முதல் பகுதி துணி ரோலின் எண். மொத்தம் 212 ரோல்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது, ஐம்பது படங்கள்.

பழைய_தறி · 12 மார்ச், இரவு 11:20

அந்த 1,923 சோதனைப் படங்கள் எத்தனை ரோல்களிலிருந்து வந்தவை?

நூல்கண்டு · 12 மார்ச், இரவு 11:34

209.

புரிந்துவிட்டது. சொல்ல வேண்டாம். ஒரே ரோலின் அடுத்தடுத்த படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருக்கின்றன. அதே நூல், அதே நிறம், பல இடங்களில் அதே கறையின் தொடர்ச்சி.

நூல்கண்டு · 14 மார்ச், இரவு 9:55

ரோல் வாரியாகப் பிரித்து, இன்றைய திருத்திய வகைகளுடன் ஓட்டினேன். 0.858.

ஒரு வாரமாக நான் உயிரைக் கொடுத்து மீட்டெடுத்த 0.931 மீட்டிருக்கவே கூடாத எண் போல.

கோடைமழை · 15 மார்ச், காலை 7:15

நான் அப்படிச் சொல்லமாட்டேன். மீட்டதால்தான் `predictions.csv`-ஐத் திறந்தீர்கள், அதனால்தான் ரோல் கணக்கு வெளியே வந்தது. அது போகட்டும், இனி பிரிப்பை எப்படி வைக்கப்போகிறீர்கள்? புதுப் படங்கள் சேரும்போது `sorted()` போட்டாலும் இடங்கள் நகர்ந்து மறுபடி எல்லாம் கலையும். ரோல் எண்ணின் `hash()` எடுத்து ஐந்தால் வகுத்து மீதி சுழியமென்றால் சோதனை என்று வையுங்கள். ரோல் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும்.

பழைய_தறி · 15 மார்ச், காலை 8:40

வழி சரி, கருவி தவறு. பைத்தானின் `hash()` சரங்களுக்கு ஒவ்வொரு முறை நிரலைத் தொடங்கும்போதும் வேறு மதிப்பு தரும், பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நேற்று சோதனையில் இருந்த ரோல் இன்று பயிற்சிக்குப் போய்விடும். இப்படிச் செய்யுங்கள்:

```python
h = int(hashlib.sha256(roll.encode()).hexdigest(), 16)
part = "test" if h % 5 == 0 else "train"
```

அதோடு, எந்தப் படம் எந்தப் பக்கம் என்ற பட்டியலையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கோப்பாகச் சேமியுங்கள். விதி இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். விதியை யாராவது மாற்றுவார்கள். பட்டியல் இல்லாமல் போயிருந்தால் இந்த இழை 5 மார்ச்சிலேயே நின்றிருக்கும்.

நூல்கண்டு · 17 மார்ச், மாலை 6:10

இனி ஒவ்வொரு ஓட்டத்தோடும் சேமிக்கப்போவது: பிரிப்புப் பட்டியல், வகையோடு. `pip freeze`. மாடல் கோப்பின் sha256. `git diff HEAD`, ஏனென்றால் கமிட் எண் மட்டும் இருந்தால் நான் கமிட் செய்யாமல் திருத்தி ஓட்டியது எங்கும் தெரியாது. பிறகு இது:

```
find data/fabric -type f -print0 | LC_ALL=C sort -z | xargs -0 sha256sum > manifest.txt
```

`sort` இல்லாமல் எழுதி, வரிசை மாறி, கோப்புறையே மாறிவிட்டது என்று பதறி, அரை மணி நேரம் வீணாக்கினேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அதே தவறு, பத்தே நாளில்.

மேகலை · 17 மார்ச், மாலை 6:32

மேனிஃபெஸ்ட் என்பது என் ரசீது மாதிரிதான். சரக்கை எங்கே வைக்கிறீர்கள்?

நூல்கண்டு · 17 மார்ச், மாலை 6:50

டிவிசியிலேயே போட்டு `push` செய்துவிட்டேன். அலுவலகச் சேமிப்பகம் ஒன்று, வெளிவட்டு ஒன்று. சுத்தம் செய்யும் நண்பருக்குக் கோப்புறையில் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார்.

சுங்குடி · 17 மார்ச், இரவு 8:00

வாடிக்கையாளரிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்? 0.931 என்று எழுதிய தாள் அவரிடம் இருக்கிறதே.

நூல்கண்டு · 20 மார்ச், இரவு 9:25

மேலாளரிடம் மூன்று எண்களையும் வைத்தேன். எது சரி என்று கேட்டார். 0.931 அன்று உண்மையாகவே வந்தது, அதை இன்று காட்டவும் முடியும். ஆனால் புது ரோல் வந்தால் 0.858 பக்கம்தான் எதிர்பார்க்க வேண்டும் என்றேன். "அப்படியானால் ஏற்கெனவே சொன்னதை ஏன் கிளறினாய்?" என்றார். இன்னும் முடிவு சொல்லவில்லை.

பழைய_தறி · 20 மார்ச், இரவு 10:02

0.858-உம் கொஞ்சம் அதிகமோ என்று எனக்கு ஐயம். ஊசி உடைந்தால் கோடு அந்த மெஷினில் வரும் எல்லா ரோல்களிலும் விழும். ரோல் வேறு, மெஷின் ஒன்று. கோப்புப் பெயரில் மெஷின் எண் உண்டா?

நூல்கண்டு · 20 மார்ச், இரவு 10:10

இல்லை. படம் எடுத்தவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதாம். அதில் ரோலுக்கு எதிரே மெஷின் எண் எழுதியிருக்கலாம் என்கிறார். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.